ஸ்கோர்கார்டைப் படித்து ஒரு பத்தி எழுதுவது: கிளப் செய்திமடலுக்கான முழுமையான வழிகாட்டி

"டாஸ் வென்ற எதிரணி ஃபீல்டிங்கைத் தேர்வு செய்தது. முதலில் ஆடிய நம் அணி 183 ரன்கள் எடுத்தது. இன்னார் 38, இன்னார் 27, இன்னார் 26. பிறகு ஆடிய எதிரணி 140 ரன்களுக்கு ஆட்டமிழந்தது. இன்னார் 3 விக்கெட், இன்னார் 3 விக்கெட்." கிளப் செய்திமடல்களில் வரும் ஆட்டச் செய்திகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கின்றன. இதில் ஒரு தவறும் இல்லை, ஆனால் ஆட்டமும் இல்லை. கார்டை மேலிருந்து கீழே படித்து அப்படியே வாக்கியமாக்கினால் இதுதான் கிடைக்கும், ஏனென்றால் கார்டு யார் எவ்வளவு எடுத்தார் என்ற கணக்கை ஆள்வாரியாகத்தான் வைத்திருக்கிறது, எது எதற்குப் பிறகு நடந்தது என்பதை அது அடியில் ஒரே ஒரு வரியில் ஒதுக்கி வைத்திருக்கிறது. விக்கெட் விழுந்த வரிசை என்ற அந்த வரியிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவதில் முக்கியமானது. மற்ற படிகளெல்லாம் அதைச் சுற்றி வருபவைதான்.

பழகுவதற்கு, முடிவு எல்லோருக்கும் தெரிந்த ஒரு கார்டை எடுத்துக்கொள்வோம். 1983 ஜூன் 25, லார்ட்ஸ் மைதானம், உலகக் கோப்பை இறுதிப் போட்டி. அப்போது அணிக்கு 60 ஓவர். இந்தியா 183 எடுத்து ஆல் அவுட், வெஸ்ட் இண்டீஸுக்கு இலக்கு 184. அவர்கள் ஆடிய இன்னிங்ஸ் இது:

```
கிரீனிட்ஜ்   b சந்து                1
ஹெய்ன்ஸ்   c பின்னி b மதன் லால்    13
ரிச்சர்ட்ஸ்   c கபில் b மதன் லால்     33
லாயிட்     c கபில் b பின்னி         8
கோம்ஸ்    c கவாஸ்கர் b மதன் லால்   5
பாக்கஸ்    c கிர்மானி b சந்து        8
துஜான்     b அமர்நாத்             25
மார்ஷல்    c கவாஸ்கர் b அமர்நாத்   18
ராபர்ட்ஸ்   lbw b கபில்             4
கார்னர்     not out                5
ஹோல்டிங்  lbw b அமர்நாத்          6
எக்ஸ்ட்ரா   (lb 4, w 10)           14
மொத்தம்   52 ஓவர்               140
```

```
கபில் 11-4-21-1, சந்து 9-1-32-2, மதன் லால் 12-2-31-3
பின்னி 10-1-23-1, அமர்நாத் 7-0-12-3, ஆசாத் 3-0-7-0
```

```
1-5 கிரீனிட்ஜ், 2-50 ஹெய்ன்ஸ், 3-57 ரிச்சர்ட்ஸ், 4-66 கோம்ஸ்,
5-66 லாயிட், 6-76 பாக்கஸ், 7-119 துஜான், 8-124 மார்ஷல்,
9-126 ராபர்ட்ஸ், 10-140 ஹோல்டிங்
```

குறியீடுகளை வேகமாகப் பார்த்துவிடலாம். c-க்குப் பின்னால் வருபவர் கேட்ச் பிடித்தவர், b-க்குப் பின்னால் வருபவர் பந்து வீசியவர். b மட்டும் இருந்தால் போல்டு. பந்துவீச்சு வரியில் இருக்கும் நான்கு எண்களும் முறையே ஓவர், மெய்டன், கொடுத்த ரன், எடுத்த விக்கெட். அடியில் 2-50 என்று இருந்தால் அணியின் ஸ்கோர் 50-ல் இருந்தபோது இரண்டாவது விக்கெட் விழுந்தது. பெயருக்கு அருகில் நட்சத்திரம் இருந்தால் கேப்டன், சிறு சிலுவைக் குறி இருந்தால் கீப்பர். ஆனால் ரன்னுக்கு அருகில் நட்சத்திரம் இருந்தால் அவர் அவுட் ஆகவில்லை என்று பொருள். முதல்முறை எழுதுபவர்கள் இந்த இரண்டு நட்சத்திரங்களையும் போட்டுக் குழப்பிக்கொள்வது உண்டு.

முதலில் கூட்டிப் பாருங்கள்

எழுத உட்காருவதற்கு முன் ஐந்து நிமிடம் கணக்குக்கு ஒதுக்குங்கள். பெரிய போட்டிகளின் கார்டை யாராவது ஏற்கெனவே சரிபார்த்திருப்பார்கள், கிளப் ஆட்டத்தில் அந்த வேலை உங்களுடையது. அங்கே ஸ்கோரர் என்பவர் பெரும்பாலும் அடுத்ததாக பேட் பிடிக்கப் போகிறவர், காலில் பேடைக் கட்டிக்கொண்டே பாதி ஓவரை எழுதிவிட்டு இன்னொருவர் கையில் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனவர்.

பேட்ஸ்மேன்கள் எடுத்த ரன்களைக் கூட்டுங்கள்: 126. எக்ஸ்ட்ரா 14 சேர்த்தால் 140. சரி. அடுத்தது பந்துவீச்சு. ஓவர்கள் கூடி 52 வருகிறது, விக்கெட்டுகள் கூடி 10 வருகிறது, அப்படியென்றால் ரன் அவுட் எதுவும் இல்லை, கார்டின் மேல்பகுதியும் அதையே சொல்கிறது. பந்துவீச்சாளர்கள் கொடுத்த ரன்களைக் கூட்டினால் 126.

இங்கே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். இந்தக் கார்டில் பந்துவீச்சு ரன்னும் பேட்டில் வந்த ரன்னும் ஒன்றாகவே இருப்பதற்குக் காரணம், அந்தக் காலத்தில் வைடைப் பந்துவீச்சாளர் கணக்கில் எழுதுவதில்லை. இப்போது வைடு, நோ-பால் இரண்டும் அவர் கணக்கில்தான் ஏறும், பையும் லெக் பையும் மட்டும் ஏறாது. ஆகவே உங்கள் கிளப் கார்டில் பந்துவீச்சாளர்கள் கொடுத்த ரன்னோடு பை, லெக் பை இரண்டையும் கூட்டினால் மொத்த ஸ்கோர் வர வேண்டும், நடுவர் அபராத ரன் கொடுத்திருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். ஒன்றிரண்டு குறைந்தால் பெரும்பாலும் ஒரு வைடு எக்ஸ்ட்ராவில் ஏறிப் பந்துவீச்சாளர் கணக்கில் ஏறாமல் போயிருக்கும். நான்கு குறைந்தால் ஒரு பவுண்டரியைத் தேடுங்கள். கண்டுபிடிக்கவே முடியாவிட்டால் மொத்த ஸ்கோரை மாற்றாதீர்கள், இரு அணியும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டது அதுதான். சந்தேகமான தனிநபர் எண்ணை மட்டும் பத்தியில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள்.

ஓவர் எண்ணில் புள்ளிக்குப் பின்னால் வருவது பந்துகளின் எண்ணிக்கை, தசமம் அல்ல. அதே ஆட்டத்தில் இந்தியா ஆடியது 54.4 ஓவர், அதாவது 54 ஓவரும் 4 பந்தும், மொத்தம் 328 பந்துகள். கால்குலேட்டரில் 183-ஐ 54.4-ஆல் வகுத்து ரன் ரேட் எழுதினால் தப்பாகத்தான் வரும். உண்மையில் செய்திமடல் பத்திக்கு ரன் ரேட் தேவைப்படுவதே அரிது.

விக்கெட் வரிசையில் கதையைத் தேடுங்கள்

இப்போது கார்டின் மேல்பகுதியைக் கையால் மூடிவிட்டு அடி வரியை மட்டும் பாருங்கள். 5, 50, 57, 66, 66, 76, 119, 124, 126, 140. ஒவ்வொன்றிலிருந்தும் அதற்கு முந்தையதைக் கழித்து ஒரு தாளில் எழுதுங்கள்: 5, 45, 7, 9, 0, 10, 43, 5, 2, 14. ஒவ்வொரு ஜோடியும் சேர்ந்து எடுத்த ரன் இது.

இந்தப் பத்து எண்களும் போதும், ஆட்டத்தை நேரில் பார்த்திராதவருக்கும் அதன் வடிவம் தெரிந்துவிடும். ஒரு விக்கெட் சீக்கிரம் போகிறது, அடுத்த ஜோடி நிதானமாக 45 சேர்க்கிறது, அப்புறம் 7, 9, 0, 10 என்று ஒரு சரிவு. 50-க்கு 1 என்று இருந்த அணி 76-க்கு 6 ஆகிறது, 26 ரன்னுக்குள் 5 விக்கெட். பிறகு ஒரு ஜோடி மட்டும் 43 ரன் எடுத்து மறுபடி நம்பிக்கை தருகிறது, அதுவும் உடைந்ததும் கடைசி நான்கு விக்கெட்டும் 21 ரன்னுக்குள் போகின்றன. பெரிய எண்கள் இரண்டு, சிறிய எண்கள் வரிசையாக வரும் இடங்கள் இரண்டு. உங்கள் பத்திக்கு வேண்டிய எலும்புக்கூடு இதுவே.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேலே பட்டியலில் லாயிட் நான்காவது, கோம்ஸ் ஐந்தாவது. பட்டியலை அப்படியே நம்பி எழுதுபவர் "லாயிட் அவுட் ஆன பிறகு கோம்ஸும்" என்று எழுதிவிடுவார். அடி வரியோ 66-ல் முதலில் போனவர் கோம்ஸ் என்றும், ஒரு ரன்கூடக் கூடாமல் அடுத்ததாகப் போனவர் லாயிட் என்றும் சொல்கிறது. பட்டியல் என்பது களத்துக்குள் வந்த வரிசை, போன வரிசை வேறு. கிளப் ஆட்டத்தில் சம்பந்தப்பட்டவர்கள் பிழையைப் பார்த்த உடனே பிடித்துவிடுவார்கள், அவர்கள்தானே ஆடியவர்கள்.

அடுத்து எழுத வேண்டிய கேள்வி: எப்படித் தோற்றார்கள்? ஓவர் கணக்கைப் பாருங்கள், 60-ல் 52 மட்டுமே ஆகியிருக்கிறது. ஓவருக்கு மூன்று ரன் சொச்சம் போதும் என்ற இலக்கில் இன்னும் 8 ஓவர் மிச்சம். பந்து தீர்ந்து தோற்கவில்லை, விக்கெட் தீர்ந்து தோற்றார்கள். "ரன் ரேட் நெருக்கடியில்" என்ற வழக்கமான தொடரை இந்த ஆட்டத்துக்குப் போட்டால் அது பொய்யாகிவிடும்.

யார் செய்தது

சரிவு எங்கே என்று தெரிந்துவிட்டது. இப்போது மூடிய கையை எடுத்துவிட்டு அந்த ஐந்து விக்கெட்டுக்கு எதிரே இருக்கும் பெயர்களைப் பொருத்துங்கள். ஹெய்ன்ஸ், ரிச்சர்ட்ஸ், கோம்ஸ் மூவரும் மதன் லால் பந்தில். லாயிட் பின்னி பந்தில், பாக்கஸ் சந்து பந்தில். ஆக சரிவைத் தொடங்கியவர் மதன் லால். பின்பாதியில் 43 ரன் ஜோடியை உடைத்தவர் அமர்நாத், துஜானை போல்டு செய்து, அடுத்து மார்ஷலையும் எடுத்து, கடைசி விக்கெட்டையும் எடுத்தார். இருவருக்கும் மூன்று மூன்று விக்கெட்தான், ஆனால் அவை ஒரே வேலையைச் செய்த மூன்றுகள் அல்ல, ஒருவர் கதவைத் திறந்தார், மற்றவர் மறுபடி திறந்துகொண்டு வெளியே போகப் பார்த்த ஆட்டத்தை முடித்தார். "மதன் லால், அமர்நாத் தலா 3 விக்கெட்" என்று ஒரே வரியில் எழுதினால் இந்த வேறுபாடு செத்துவிடும்.

பேட்டிங்கிலும் இதே மாதிரி ஒரு சின்னக் கணக்கு போடலாம். ரிச்சர்ட்ஸ் அவுட் ஆனபோது ஸ்கோர் 57. அதில் அவருடையது 33, ஏற்கெனவே போயிருந்த கிரீனிட்ஜும் ஹெய்ன்ஸும் சேர்ந்து 14. மிச்சம் 10 மட்டும்தான் எக்ஸ்ட்ராவும் அப்போது களத்தில் இருந்த இன்னொருவரும். அதாவது அணியின் ரன்னில் பாதிக்கு மேல் ஒரே ஆளிடமிருந்து வந்துகொண்டிருந்தது. 33 என்ற எண்ணைத் தனியாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது, 57-ல் 33 என்று சொன்னால் அந்த விக்கெட் ஏன் பெரியது என்று வாசகருக்கே புரிந்துவிடும். உங்கள் கிளப் ஆட்டத்தில் 22 ரன் எடுத்த பையனுக்கும் இப்படி ஒரு நியாயம் கிடைக்கலாம், அவன் இறங்கும்போது ஸ்கோர் என்ன, போகும்போது என்ன என்று பாருங்கள்.

கார்டில் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள்

`c கபில் b மதன் லால் 33`. அந்த ஆட்டத்தின் மிக முக்கியமான தருணம் கார்டில் இவ்வளவுதான். ரிச்சர்ட்ஸ் தூக்கி அடித்த பந்தை கபில் தேவ் பின்னோக்கி நீண்ட தூரம் ஓடி, தோளுக்கு மேலே வந்த பந்தைப் பிடித்தார் என்பது அதில் எங்கும் இல்லை. `b சந்து 1` என்ற வரியும் அப்படித்தான், வெளியே போகும் என்று நினைத்து கிரீனிட்ஜ் பேட்டை உயர்த்தி விட்டுவிட, பந்து உள்ளே திரும்பி ஸ்டம்பில் பட்டது என்று அது சொல்லாது. லாயிட் கொடுத்த கேட்சும் கார்டில் `c கபில்` தான், அதற்கும் ரிச்சர்ட்ஸ் கேட்சுக்கும் எழுத்தில் வித்தியாசமே கிடையாது.

ஆகவே ஆட்டம் முடிந்த அன்றே இரண்டு பேரிடம் பேசுங்கள். ஒருவர் ஸ்கோரர், அவர் ஒவ்வொரு பந்தையும் பார்த்தாக வேண்டியவர். இன்னொருவர் எதிரணியில் ஒருவர், முடிந்தால் அவுட் ஆனவரே. "ஆட்டம் எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், "நல்லா இருந்தது" என்ற பதில்தான் வரும். விக்கெட் வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு, "57-ல் மூன்றாவது விக்கெட் போச்சே, அந்தப் பந்து எப்படி வந்தது, கேட்ச் எங்கே பிடிச்சாங்க?" என்று கேளுங்கள். குறிப்பான கேள்விக்குத்தான் குறிப்பான பதில் வரும். நழுவவிட்ட கேட்ச், மழைக்காக நின்ற நேரம், காயம்பட்டு வெளியே போய்த் திரும்பி வந்தவர், இவையெல்லாம் இப்படித்தான் கிடைக்கும்.

கையால் எழுதிய ஸ்கோர் நோட்டு கிடைத்தால் இன்னும் நல்லது, பந்துவீச்சுப் பகுதியில் ஓவருக்கு ஒரு கட்டம் இருக்கும், ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி, மெய்டன் ஓவரின் புள்ளிகளை இணைத்து M போல வரைந்திருப்பார்கள், விக்கெட்டும் விழுந்த மெய்டன் என்றால் W. தொடர்ந்து நான்கைந்து கட்டங்கள் புள்ளியாகவே இருந்தால் அடுத்து விழுந்த விக்கெட்டுக்கு யார் காரணம் என்று அங்கேயே தெரிந்துவிடும், விக்கெட் எடுத்தவரைவிட எதிர்முனையில் ரன் கொடுக்காமல் அடக்கியவர் காரணமாக இருக்கலாம். நம் கார்டில் கபில் 11 ஓவரில் 21 ரன், ஒரு விக்கெட். அது அப்படிப்பட்ட வரிதான்.

எழுதுவது

முதல் வாக்கியத்தை ஆட்டம் திரும்பிய இடத்தில் தொடங்குங்கள், டாஸில் அல்ல. டாஸ் முடிவை மாற்றிய ஆட்டமாக இருந்தால் ஒழிய அது பத்திக்கு வெளியே, தலைப்பின் கீழ் சுருக்க ஸ்கோரோடு இருக்கட்டும். முழு ஸ்கோரையும் அப்படி மேலே ஒரு வரியில் கொடுத்துவிட்டால் பத்தியின் பாரம் பாதி குறைந்துவிடும்.

ஒரு வாக்கியத்தில் இரண்டு எண்ணுக்கு மேல் வேண்டாம். ஒரே எண் இரண்டு வேலைக்கு வந்தால் அதில் ஒன்றை விட்டுவிடுங்கள். இந்த ஆட்டத்தில் துஜான்–மார்ஷல் ஜோடி எடுத்தது 43, இந்தியா வென்ற வித்தியாசமும் 43. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் படிப்பவர் நின்று திரும்பிப் பார்ப்பார். அப்புறம், "அபாரம்", "அனல் பறந்தது", "மிரட்டினார்" போன்ற டிவி வர்ணனைச் சொற்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நடந்ததை எழுதுங்கள். பின்னோக்கி ஓடிப் பிடித்தார் என்று எழுதிய பிறகு அபாரம் என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை.

இப்படி வரும்:

"184 என்ற இலக்கை நோக்கி ஒரு விக்கெட்டுக்கு 50 என்று போய்க்கொண்டிருந்த வெஸ்ட் இண்டீஸை மதன் லால் நிறுத்தினார். முதலில் ஹெய்ன்ஸ் பின்னியிடம் கேட்ச் கொடுத்தார். அணியின் ரன்னில் பாதிக்கு மேல் தனியாகவே எடுத்திருந்த ரிச்சர்ட்ஸ் அடுத்துத் தூக்கி அடிக்க, கபில் தேவ் பின்னோக்கி ஓடிக்கொண்டே அதைப் பிடித்தார். கோம்ஸும் லாயிட்டும் ஒரே ஸ்கோரில் வெளியேற, பாக்கஸ் போனபோது ஸ்கோர் 76-க்கு 6. துஜானும் மார்ஷலும் பொறுமையாக ஆடி 119 வரை கொண்டுபோனார்கள். அமர்நாத்தின் வேகம் குறைந்த பந்துவீச்சு அந்த ஜோடியைப் பிரித்தது, இருவரையும் அவரே எடுத்தார், கடைசியாக ஹோல்டிங்கையும். இன்னும் 8 ஓவர் மிச்சமிருக்க, 140-ல் ஆட்டம் முடிந்தது."

இதில் சந்து கிரீனிட்ஜை எடுத்தது இல்லை, அழகான விக்கெட்தான், ஆனால் அதற்குப் பிறகு 45 ரன் ஜோடி வந்துவிட்டதால் இந்தப் பத்தியின் ஓட்டத்தில் அதற்கு இடமில்லை. ராபர்ட்ஸ், கார்னர் இல்லை. எதை விட்டுவிடுகிறோம் என்பதில்தான் கிளப் எழுத்தாளருக்கு உண்மையான சங்கடம், ஏனென்றால் விடுபட்டவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் எதிரே நிற்பார். அதற்காகப் பதினோரு பேரையும் பத்திக்குள் திணிக்காதீர்கள், பத்திக்குக் கீழே முழுக் கார்டையும் போடுங்கள், எல்லாப் பெயரும் அங்கே இருக்கும்.

கிளப்புக்கே உரிய சில கட்டுப்பாடுகள்

நடுவரின் முடிவைப் பற்றிக் கருத்து வேண்டாம். கிளப் ஆட்டங்களில் நடுவராக நிற்பவர் பல நேரம் பேட்டிங் அணியிலேயே ஒருவர். கார்டில் எல்பிடபிள்யூ என்று இருந்தால் எல்பிடபிள்யூ என்றே எழுதுங்கள். கேட்ச் நழுவியதை எழுதலாம், ஆட்டத்தை மாற்றியிருந்தால் எழுதத்தான் வேண்டும், ஆனால் "12-ல் இருந்தபோது ஒரு வாய்ப்புக் கிடைத்து" என்றால் போதும், நழுவவிட்டவர் பெயர் தேவையில்லை. சிறுவர் அணி என்றால் ரன் எடுக்காமல் போனவர் பெயரைப் பத்தியில் இழுக்கவே இழுக்காதீர்கள்.

பெயர்களைத் தனியாக ஒருமுறை சரிபாருங்கள். நம் ஊர் அணிகளில் ஒரே அணியில் இரண்டு கார்த்திக், மூன்று விக்னேஷ் இருப்பது சாதாரணம், ஸ்கோரர் இனிஷியல் இல்லாமல் எழுதியிருப்பார், ஆப்பில் பதிந்த கார்டு என்றால் பழைய ஆட்டத்தின் வேறொரு கார்த்திக் கணக்கில் இந்த 40 ரன் ஏறியிருக்கும். கேப்டனிடம் படித்துக் காட்டிவிட்டால் இது தீர்ந்தது. எதிரணிப் பெயர்களுக்கும் அதே அக்கறை வேண்டும்.

பழகிப் பார்க்க

அதே ஆட்டத்தில் இந்தியாவின் விக்கெட் வரிசை இது:

```
2, 59, 90, 92, 110, 111, 130, 153, 161, 183
```

கழித்துப் பாருங்கள், இரண்டாவது ஜோடிக்கு 57 வரும். நம் சென்னைக்காரர் ஸ்ரீகாந்தும் அமர்நாத்தும் எடுத்தது அது, ஸ்ரீகாந்தின் 38 தான் இரு அணியிலும் சேர்த்து அந்த ஆட்டத்தின் அதிகபட்சம். பெரிய எண் என்பதால் எல்லோரும் அங்கே நின்றுவிடுவார்கள். வரிசையின் கடைசிக்குப் போங்கள், 161-லிருந்து 183. கடைசி விக்கெட்டுக்குக் கிர்மானியும் பல்விந்தர் சந்துவும் 22 ரன். ஆறாவது, ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது விக்கெட் எண்களோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள், பிறகு கார்டில் `சந்து not out 11` என்ற வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். மார்ஷல் வீசிய பவுன்சர் ஹெல்மெட்டில் பட்ட பிறகும் அவர் நின்று ஆடியிருக்கிறார். இந்த இன்னிங்ஸை ஸ்ரீகாந்திடமிருந்து தொடங்கி ஒரு பத்தியும், சந்துவிடமிருந்து தொடங்கி ஒரு பத்தியும் எழுதிப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஏழெட்டு வாக்கியத்துக்கு மேல் போகாமல்.